வராத டோக்கன்களின் கணக்கு: கிழமை, டாக்டர், நேரம்

பாளையங்கோட்டையில் ஒரு சாயங்காலக் கிளினிக்கின் முன்னறையில் ஆறு மணிக்குப் போய் நின்றால், டோக்கன் போட்டுவிட்டு வராமல் இருப்பவர்களும் உண்டு என்றே தோன்றாது. பெஞ்சில் இடம் இருக்காது. செருப்புகள் வாசற்படி வரை கிடக்கும். 14ஆம் நம்பர்காரர் வரவில்லை என்றால், டோக்கன் போடாமல் நேரே வந்தவர் அந்த இடத்தில் உள்ளே போய்விடுகிறார். ஆகவே பல கிளினிக்குகளில் ‘நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை’ என்பார்கள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு என்று தேதி குறித்து மறுபடி வரச் சொன்னவர்களில் எத்தனை பேர் வரவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது. ஜலதோஷத்துக்கு நேரே வந்தவர் அந்த இடத்தை நிரப்பியதால் அன்றைய வசூல் குறையவில்லை. மாத்திரை தீர்ந்துபோன சர்க்கரை நோயாளி என்ன ஆனார் என்பதுதான் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு கணினித் தாள் போதும். தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஆனால் தாளில் முதலில் வந்து விழும் சதவீதங்கள் பெரும்பாலும் பொய் சொல்லும். ‘திங்கள் மோசம்’, ‘அந்த டாக்டருக்கு ஆட்கள் நிற்பதில்லை’, ‘காலை பத்தரை மணி ஆகாது’ என்று மூன்று தீர்ப்புகள் ஒரே மாதத்தில் வந்துவிடும். மூன்றுமே தவறாக இருக்கலாம். தாளைப் போடுவது ஒரு நாள் வேலை. அது சொல்வதை எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதற்குத்தான் இந்த அத்தியாயத்தில் அதிக இடம்.

யார் வராதவர்?

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் மறுநாள் காலை போன் செய்கிறார்.

“ஆச்சி, நேத்து சாயங்காலம் டோக்கன் போட்டிருந்தியளே, வரலியே?”

“வந்தேன்லா தாயி. ஏழரை வரைக்கும் இருந்து பாத்தேன், டாக்டரு வரல. பொறவு முக்கூடல் பஸ்ஸு போயிரும்னு கெளம்பிட்டேன்.”

நோட்டில் அந்த ஆச்சியின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்றுதான் எழுதியிருக்கும். உண்மையில் வந்தவர் அவர், வராதவர் டாக்டர். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் அதன்பின் எந்தக் கணக்கும் தேறாது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் அன்றிரவே ஆறில் ஒரு எண்ணைப் போடச் சொல்லுங்கள். 1 என்றால் வந்தார், பார்த்தாயிற்று. 2 என்றால் டோக்கன் தாண்டிய பிறகு தாமதமாக வந்தார், ஆனாலும் பார்த்தாயிற்று. 3 என்றால் வந்து காத்திருந்து, பார்க்காமலே போனார். 4 என்றால் முன்கூட்டியே சொல்லி ரத்து செய்தார் அல்லது தேதி மாற்றினார். 5 என்றால் ரத்து செய்தது நாம்: டாக்டருக்கு அறுவைசிகிச்சை, ஊரில் இல்லை, கரண்ட் இல்லை, எதுவானாலும். 6 என்றால் தகவல் எதுவும் இல்லாமல் வரவில்லை.

வராதோர் விகிதம் என்பது 6ஐ, 1, 2, 3, 6 ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. 4க்கும் 5க்கும் இந்தக் கணக்கில் மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. டோக்கன் போடாமல் நேரே வந்தவர்களும் கூடாது. அவர்களைச் சேர்த்தால் வகுக்கும் எண் பெருத்து, விகிதம் அழகாகக் குறைந்து காட்டும். நேரே வருவோர் அதிகமுள்ள நம் ஊர்க் கிளினிக்குகளில் இந்தப் பிழை பாதிக்குப் பாதி கூட இருக்கலாம். 4க்கு ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் உட்காருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை சொன்னால் 4. அதற்குப் பிறகு சொன்னால் 6. கெடு எதுவானாலும் சரி, நடுவில் மாற்றக்கூடாது.

3ஐத் தனியாகவும் எண்ணுங்கள். அது நோயாளியின் பழக்கத்தைக் காட்டுவதில்லை, நம் தாமதத்தைக் காட்டுகிறது. டாக்டர் ஐந்து மணிக்கு என்று சொல்லி எத்தனை மணிக்கு வந்தார் என்பதை நாளுக்கு ஒரு வரியாக இன்னொரு சிறு தாளில் எழுதி வந்தால், 3 எந்த நாட்களில் குவிகிறது என்பது ஒரே மாதத்தில் விளங்கிவிடும். இதை எழுதத் தொடங்குவது கொஞ்சம் சங்கடமான வேலைதான். டாக்டரிடம் முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது.

தாள்

ஒரு பதிவுக்கு ஒரு வரி. A நெடுவரிசையில் டோக்கன் போட்ட தேதி, B-யில் வரவேண்டிய தேதி, C-யில் டாக்டர், D-யில் வரச் சொன்ன நேரம், E-யில் புதியவரா மறுபார்வையா என்பது, F-இல் மேலே சொன்ன ஆறில் ஒரு எண். G-யும் H-உம் தாமாகவே நிரம்புபவை. I-யில் சாதாரண நாளானால் 0, விசேஷ நாளானால் 1. பெயர், போன் எண், நோய் எதுவும் இந்தத் தாளில் வேண்டாம். கிளினிக்கின் நோயாளிப் பதிவு எண் ஒன்று J-யில் இருந்தால் போதும். இந்தத் தாள் நாலு பேர் கைக்குப் போகும்.

```
G2:  =WEEKDAY(B2,2)
H2:  =B2-A2
```

முதல் வரி கிழமையை எண்ணாகத் தரும்: திங்கள் 1, ஞாயிறு 7. இரண்டாவது, எத்தனை நாள் முன்பே பதிவு செய்தார் என்பது. இந்த H நெடுவரிசையைப் பலர் போடுவதே இல்லை. டாக்டர் பற்றிய பகுதியில் அதன் அருமை தெரியும். திங்கட்கிழமை விகிதத்துக்கு, கீழே உள்ள முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும்:

```
=COUNTIFS(G:G,1,I:I,0,F:F,6)
=COUNTIFS(G:G,1,I:I,0,F:F,">0",F:F,"<>4",F:F,"<>5")
```

டாக்டர் வாரியாக வேண்டுமானால் G:G,1 என்ற இடத்தில் C:C-யையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் டாக்டரின் பெயரையும் போடுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கூகுள் தாளின் அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால், நீங்கள் 03/04/2023 என்று அடிப்பது ஏப்ரல் 3 ஆகாது, மார்ச் 4 ஆகிவிடும். 2023 ஏப்ரல் 3 திங்கட்கிழமை; மார்ச் 4 சனிக்கிழமை. தாள் எந்தப் புகாரும் சொல்லாமல் திங்கட்கிழமைக்காரரைச் சனிக்கிழமையில் சேர்த்துவிடும். 12க்கு மேற்பட்ட தேதிகளைத்தான், பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால், ஏற்க மறுக்கும். ஆகவே G நெடுவரிசையில் 13ஆம் தேதி முதல் வரிசையாகப் பிழை காட்டினால், பிழை அந்த வரிகளில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சத்தமில்லாமல் தவறிப்போனவை 1 முதல் 12 வரையிலான தேதிகள். File → Settings → Locale என்ற இடத்தில் India என்று மாற்றி, அதுவரை அடித்த தேதிகளை மறுபடி அடிக்க வேண்டும்.

இன்னொன்று, நோயாளி தேதி மாற்றும்போது பழைய தேதியின் மேலேயே புதியதை அடித்துவிடுவது. பழைய வரிக்கு 4 போட்டுவிட்டு, புதிய தேதிக்குப் புதிய வரி எழுத வேண்டும். இல்லையென்றால் மூன்று முறை தள்ளிப்போட்டவர் ஒரே முறையில் ஒழுங்காக வந்தவர் போலத் தாளில் நிற்பார்.

2023இன் பதின்மூன்று திங்கட்கிழமைகள்

கிழமைக் கணக்கு எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதற்குத் திருநெல்வேலிக்காரர்களுக்கு 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தக் காலாண்டில் பதின்மூன்று திங்கட்கிழமைகள். வரிசையாகப் பாருங்கள். அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. அக்டோபர் 23, ஆயுத பூஜை. நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை வந்த தீபாவளிக்கு மறுநாள்; அதற்கும் தமிழக அரசு விடுமுறை விட்டது. டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். பாளையங்கோட்டையில் அன்று யார் கிளினிக்குக்கு வருவார்கள்? நடுவில் டிசம்பர் 18. முந்தின நாள் பிடித்த மழை விடாமல் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்த நாள். ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீரில் நின்றது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டங்களுக்கும் விடுமுறை. ஆக, பதின்மூன்றில் ஐந்து திங்கள்கள் திங்கட்கிழமையாகவே இல்லை.

கணக்கு விளங்குவதற்காக, ஒரு திங்களுக்கு இருபது டோக்கன் முன்பதிவாகும் ஒரு கிளினிக்கை வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. காலாண்டு முழுவதும் 260 பதிவுகள், 65 பேர் வரவில்லை, விகிதம் 25%. மற்ற கிழமைகள் 12, 13 என்று இருக்க, திங்கள் மட்டும் இரட்டிப்பாக நிற்கிறது. கிளினிக் உரிமையாளர் திங்களன்று டாக்டரின் நேரத்தைக் குறைத்துவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குவார்.

இப்போது ஐந்து விசேஷ நாட்களை I நெடுவரிசையில் 1 என்று குறித்துப் பிரித்துப் பாருங்கள். அவற்றின் 100 பதிவுகளில் 46 பேர் வரவில்லை. மீதி எட்டுத் திங்கள்களின் 160 பதிவுகளில் 19 பேர்தான் வரவில்லை; ஏறத்தாழ 12%. திங்களுக்கும் மற்ற கிழமைகளுக்கும் வித்தியாசமே இல்லை. அந்த 46இலும் 20 பேர் டிசம்பர் 18க்கு உரியவர்கள். அன்று டாக்டரே வரமுடியாமல் கிளினிக் பூட்டிக் கிடந்திருந்தால் அந்த இருபதும் 6 அல்ல, 5. கணக்குக்குள் வரவே கூடாதவை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கிழமைக் கணக்கில் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பது. 260 பதிவுகள் என்றால் நிறையத் தரவு இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மழையோ பண்டிகையோ ஒருவரை மட்டும் தடுப்பதில்லை. அன்றைய இருபது பேரையும் சேர்த்தே தடுக்கிறது. உண்மையில் நம்மிடம் இருப்பவை பதின்மூன்று நாட்கள். அதனால் கிழமை விகிதத்தைச் சொல்லும்போது அதன் பக்கத்தில் நாளுக்கு நாள் விகிதத்தையும் ஒரு வரிசையாக எழுதி வையுங்கள். பத்து நாட்கள் 10க்கும் 15க்கும் இடையில் இருந்து, மூன்று நாட்கள் 50ஐத் தாண்டியிருந்தால், அது கிழமையின் குணம் அல்ல, அந்த மூன்று நாட்களின் கதை. பதின்மூன்று நாட்களும் 22, 27, 24 என்று ஒன்றுபோல உயர்ந்திருந்தால்தான் கிழமையைச் சந்தேகிக்க வேண்டும்.

எந்த நாளுக்கு 1 போடுவது என்பதை விகிதத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யக்கூடாது. அப்படிச் செய்தால் மோசமான நாட்களையெல்லாம் விசேஷ நாள் என்று ஒதுக்கித் தள்ளிவிடுவோம். வருடத் தொடக்கத்திலேயே சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை எடுத்து, அரசு விடுமுறைகள், முகூர்த்த நாட்கள், ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஆனித் தேரோட்டத்துக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறை எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிளினிக்கில் அன்று என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்த நாள் இன்னும் முக்கியம். அது வாரந்தோறும் ஒரே கிழமையில் வருவதில்லை, ஆனால் சில மாதங்களில் குறிப்பிட்ட கிழமைகளில் போய்க் குவியும். மழை, வெள்ளம், பந்த் போன்றவற்றை அன்றன்று மாலையே, முடிவு எண்களைப் போடுவதற்கு முன்பு குறிக்க வேண்டும்.

டாக்டர்

டாக்டர் வாரியான அறிக்கைதான் கிளினிக்கில் சண்டை மூட்டும். மறுபடியும் ஒரு உதாரணக் கணக்கு. ஒரே கட்டடத்தில் சர்க்கரை டாக்டர் ஒருவர், பொது மருத்துவர் ஒருவர். இருவருக்கும் மூன்று மாதத்தில் தலா 300 பதிவுகள். சர்க்கரை டாக்டருக்கு 63 பேர் வரவில்லை, 21%. பொது மருத்துவருக்கு 36 பேர், 12%. அறிக்கையை இப்படியே அச்சிட்டு மேசையில் வைத்தால், சர்க்கரை டாக்டர் நோயாளிகளிடம் சரியாகப் பேசுவதில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

H நெடுவரிசையைக் கொண்டு பிரிப்போம். அன்றோ முந்தின நாளோ டோக்கன் போட்டவர்கள் ஒரு பக்கம், ஒரு வாரத்துக்கு மேல் முன்பே போட்டவர்கள் இன்னொரு பக்கம்; இந்த உதாரணத்தில் இடைப்பட்டவர்கள் இல்லை. சர்க்கரை டாக்டரிடம் உடனடிப் பதிவு 60, அதில் வராதவர் 3. முன்பதிவு 240, அதில் வராதவர் 60. பொது மருத்துவரிடம் உடனடிப் பதிவு 240, வராதவர் 18. முன்பதிவு 60, வராதவர் 18. அதாவது உடனடிப் பதிவில் சர்க்கரை டாக்டருக்கு 5%, பொது மருத்துவருக்கு 7.5%. முன்பதிவில் 25%, 30%. இரண்டு வகையிலும் சர்க்கரை டாக்டரிடம்தான் ஆட்கள் நன்றாக வருகிறார்கள். கூட்டிப் பார்த்தால் மட்டும் அவர் மோசமாகத் தெரிகிறார்.

மாயம் ஒன்றுமில்லை. காய்ச்சல்காரர் இன்று காலை போன் செய்து இன்று மாலை வருகிறார். உடம்பு வலிக்கும்போது யாரும் மறப்பதில்லை. சர்க்கரைக்காரருக்கு ‘ஒரு மாசம் கழிச்சு வாங்க’ என்று தேதி குறிக்கப்படுகிறது. அந்த ஒரு மாதத்தில் கல்யாணம், நடவு, பேத்தி பிரசவம், மாத்திரையைப் பாதியாகப் போட்டு நாளைத் தள்ளுவது என்று எல்லாமே நடக்கும். டாக்டருக்கு டாக்டர் மாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளிதான். ஆகவே டாக்டர் வாரியான விகிதத்தை H-ஆல் பிரிக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

வெளியூரிலிருந்து வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் வந்து உட்காரும் சிறப்பு மருத்துவர்களின் விகிதத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மதுரையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வியாழன் மட்டும் வரும் எலும்பு டாக்டருக்கு, வியாழனின் விகிதமும் டாக்டரின் விகிதமும் ஒரே எண்தான். எது காரணம் என்று தாளால் சொல்ல முடியாது. எவ்வளவு மாதம் சேர்த்தாலும் சொல்ல முடியாது. அவர் சில வாரங்கள் வேறு கிழமையில் வந்தால்தான் பிரித்துப் பார்க்க வழி கிடைக்கும். அதுவரை அந்த வரிக்கு நேரே ‘பிரிக்க இயலாது’ என்று எழுதி வையுங்கள்.

நேரம், ராகு காலம், கடைசி பஸ்

வாரத்துக்கு ஆறு நாள், மூன்று டாக்டர், நாளுக்கு ஆறு நேரத் துண்டு என்று போட்டால் 108 கட்டங்கள். ஒரு காலாண்டில் 600 பதிவுகள் இருந்தாலும் கட்டத்துக்கு ஐந்தாறு பேர்தான். அதில் ஒருவர் வராவிட்டால் இருபது சதவீதம். மூவர் வராவிட்டால் கட்டம் சிவப்பாகிவிடும். நிறம் பூசிய அட்டவணைகள் பார்க்க அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து. இருபது பேரில் ஐந்து பேர் வரவில்லை என்றால் உண்மையான விகிதம் 11 சதவீதமாகவும் இருக்கலாம், 47ஆகவும் இருக்கலாம். இருநூறு பேரில் ஐம்பது பேர் என்றால் 19க்கும் 31க்கும் இடையில் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். ஆகவே முப்பது பதிவுக்குக் குறைந்த கட்டத்தில் சதவீதம் போடாமல் ‘20க்கு 5’ என்று மட்டும் எழுதுங்கள். மூன்றையும் ஒரே அட்டவணையில் குறுக்காக வெட்டாமல், இரண்டிரண்டாகப் பாருங்கள்.

நேரத்தைத் தாளில் அரை மணி நேரக் கணக்கில் அப்படியே எழுதிவைப்பது முக்கியம். ‘காலை 9–11’, ‘11–1’ என்று துண்டாக்கி எழுதிவிட்டால் பிறகு வேறு மாதிரி வெட்ட முடியாது. ஏன் என்பதற்கு நம் ஊரில் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ராகு காலம் கிழமைக்குக் கிழமை இடம் மாறும்: திங்கள் 7.30–9, சனி 9–10.30, வெள்ளி 10.30–12, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, செவ்வாய் 3–4.30, ஞாயிறு 4.30–6. ‘9–11’ என்ற துண்டு வெள்ளிக்கிழமை ராகு காலத்தை இரண்டாக அறுத்துவிடும். விளைவு ஏதாவது இருந்தாலும் இரண்டு கட்டங்களில் கரைந்துபோகும்.

ராகு காலத்தில் ஆட்கள் வருவதில்லை என்று எல்லா வரவேற்பு மேசையிலும் சொல்வார்கள். தாளை வைத்து அதைச் சோதிக்கலாம். வெள்ளி 10.30–12 மோசமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 10.30–12 புதனில் எப்படி? புதனில் 12–1.30 எப்படி? புதனன்று 10.30 நன்றாக இருந்து, 12 மணி சரிந்தால் பள்ளம் ராகு காலத்தைப் பின்தொடர்கிறது. வெள்ளியில் மட்டும் பள்ளம், புதனில் எங்கும் இல்லை என்றால் காரணம் வேறு. மேலப்பாளையத்து நோயாளிகள் அதிகம் வரும் கிளினிக்கில் வெள்ளி பன்னிரண்டரைக்கு மேல் ஜும்ஆ தொழுகை. பதினொன்றரை டோக்கன்காரர் டாக்டர் தாமதமானால் எழுந்து போய்விடுவார். அது 3ஆகப் பதிவாகியிருக்க வேண்டும், 6ஆக அல்ல. மறுபார்வைக்காரர்களையும் புதியவர்களையும் E நெடுவரிசையால் பிரித்துப் பாருங்கள். நேரம் பார்ப்பவர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்கும்போதுதான் அதிகம் பார்ப்பார்கள்.

ஒரு நுட்பம் உண்டு. ராகு காலம் பார்ப்பவர் பெரும்பாலும் டோக்கன் போடும்போதே அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுவார். அதனால் அதன் தடம் வராதோர் விகிதத்தில் தெரியாமல், பதிவுகளின் எண்ணிக்கையில் தெரியலாம். அந்தக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். வந்து பதிந்த சிலரோ ஒழுங்காக வந்துவிடுவார்கள். மறுபார்வைத் தேதியை நோயாளியைக் கேட்காமல் மேசையிலேயே குறித்துக் கொடுக்கும் கிளினிக்கில்தான் அது 6ஆக வந்து விழும்.

சாயங்காலக் கிளினிக்கில் நேரத் துண்டைவிட டோக்கன் நம்பரே உண்மையைச் சொல்லும். அதையும் தாளில் ஒரு நெடுவரிசையில் எழுதி, 1–10, 11–20, 21–30 என்று பிரித்துப் பாருங்கள். கடைசி பத்தில் 3ம் 6ம் சேர்ந்து உயர்ந்தால், அவர்களின் ஊரைக் கேளுங்கள். சேரன்மகாதேவி, முக்கூடல், சீவலப்பேரி பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் கடைசி டோக்கன் கொடுத்தால் அவர்கள் பஸ்ஸைப் பார்ப்பார்களா, டாக்டரைப் பார்ப்பார்களா? தொலைவிலிருந்து வருவோருக்கு முதல் பத்து டோக்கனில் சிலவற்றை ஒதுக்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே கட்டத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

கூடுதல் டோக்கனும் போனும்

நான்கில் ஒருவர் வரமாட்டார் என்று தெரிந்தால், 20 பேரைப் பார்க்கக்கூடிய டாக்டருக்கு 25 டோக்கன் போட்டுவிடலாமே என்று தோன்றும். கணக்குப்படி அப்படிச் செய்தால் ஏறத்தாழ ஐந்து நாளில் ஒரு நாள் இருபதுக்கு மேல் வந்து நிற்பார்கள். 23 போட்டால் அது இருபது நாளில் ஒரு நாளாகக் குறையும். இதுவும் ஒருவர் வராததற்கும் இன்னொருவர் வராததற்கும் தொடர்பில்லை என்று கொண்டால்தான். முன்பே சொன்னேன், நேரே வருவோர் நிறைந்த கிளினிக்கில் கூடுதல் டோக்கன் தேவையே இல்லை. காலி இடத்தை அவர்கள் எப்படியும் நிரப்பிவிடுகிறார்கள். அங்கே கூடுதல் டோக்கன் போட்டால் 3தான் கூடும்.

அங்கே பலன் தருவது, ஒரு வாரத்துக்கு மேல் முன்பே பதிந்தவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் முன்பு போன் செய்வது. எல்லாருக்கும் செய்ய வேண்டாம். உடனடிப் பதிவில் வராதோர் விகிதம் ஏற்கெனவே குறைவு. போன் எண் யாருடையது என்று முதலிலேயே கேட்டு நோயாளிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆச்சியின் பெயருக்கு நேரே இருக்கும் எண் சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகனுடையதாக இருக்கும். நினைவூட்டல் அவருக்குப் போகும். அவர் அம்மாவுக்கு ராத்திரி சொல்லலாம் என்று நினைத்து மறந்துவிடுவார். பக்கத்து வீட்டு எண்ணானாலும் பரவாயில்லை, அதே தெருவில் இருப்பவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வராதவர்களுக்கு மறுநாள் செய்யும் போனில் காரணத்தையும் ஓரிரு சொல்லில் எழுதுங்கள்: குணமாகிவிட்டது, வேறு டாக்டரிடம் போய்விட்டார், பணம் இல்லை, துணைக்கு ஆள் இல்லை, மறந்துவிட்டார், எண் தவறு. வயதானவர்கள் அதிகமுள்ள கிளினிக்கில் ‘இறந்துவிட்டார்’ என்பதற்கும் ஒரு இடம் வேண்டும். அது தெரிந்த அன்றே அவருக்குக் குறித்திருந்த மறுபார்வைத் தேதிகளையெல்லாம் நீக்கிவிட வேண்டும். நினைவூட்டல் பட்டியலிலிருந்தும் எண்ணை எடுத்துவிட வேண்டும்.